அண்ணனை விட்டு வந்தவன்

எங்கள் கிளையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கும் அக்கா ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்லுவார். "புதுசா ஒருத்தரோட பழகறீங்களா? அவங்க அப்பா அம்மாவப் பத்தி, கூடப் பொறந்தவங்களப் பத்தி எப்படிப் பேசறாங்கன்னு மொதல்ல கேளுங்க. சொந்த வீட்டையே கொறை சொல்றவங்க, நாளைக்கு உங்களையும் அப்படித்தான் சொல்லுவாங்க." நான்காம் படிவம் படிக்கும்போது இதைக் கேட்டேன். நோட்டில் எழுதியும் வைத்தேன்.

அந்த ஒரு வரியை நம்பி, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது ஒரு முடிவு எடுத்தேன். அது சரியாக வரவில்லை. ஏன் சரியாக வரவில்லை என்று யோசித்தபோதுதான் வால்மீகி ராமாயணத்தில் விபீஷணன் வந்து சேரும் பகுதியை நிதானமாகப் படித்தேன். இந்த மாத வகுப்புக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என் கதை. விடுதியில் இடம் கிடைக்காததால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, வளாகத்துக்குப் பக்கத்துத் தாமானில் ஒரு வரிசை வீடு பார்த்தோம். மாத வாடகை 1,200 வெள்ளி. இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 4,200 வெள்ளி கையில் வேண்டும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 1,400. நான்காவது ஆள் கிடைத்தால் 1,050. பி.டி.பி.டி.என் கடனில் படிக்கிறவர்களுக்கு அந்த 350 வெள்ளி எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும்.

இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். இருவரையும் வெவ்வேறு நாளில் மாமாக் கடையில் உட்கார வைத்துப் பேசினோம்.

முதலில் வந்தவர் நன்றாகப் பேசினார். "எங்கம்மா எனக்கு தெய்வம் மாதிரி. எங்கப்பாதான் என் ஹீரோ. குடும்பம் இல்லன்னா நான் இல்ல." கேட்க எங்களுக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினார். வீட்டில் யார் யார் என்று கேட்டோம். "அம்மா, அண்ணன், நான். அப்பாவப் பத்தி இப்ப வேணாம்" என்றார். அண்ணனைப் பற்றிக் கேட்காமலே சொன்னார். அண்ணன் அம்மா பெயரில் மோட்டார் கடன் எடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் கட்டுவதை நிறுத்திவிட்டாராம். வங்கியிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்திருக்கிறது. "அதுலேருந்து அண்ணன்கிட்ட கோபம்தான். அவர்கிட்டயே சொல்லிட்டேன், நீங்க செஞ்சது தப்புன்னு. எனக்கும் ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும், அம்மாகிட்ட சொல்லாம இருந்துட்டேன். இப்ப நான் வாரக் கடைசியில வேலை செஞ்சு கட்டறேன். அதனால வாடகை ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளிப் போகலாம், முன்னாடியே சொல்லிடறேன். ஆனா அம்மாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறது அண்ணன்தான், வாரம் மூணு நாள்."

அவர் போனபிறகு என் நோட்டில் எழுதியதைத்தான் நான் மற்ற இருவரிடமும் சொன்னேன். அப்பாவோடு பேச்சு இல்லை, அண்ணனைக் குறை சொல்கிறார், முதல் நாளே நமக்கு எதற்கு இந்தத் தலைவலி என்று. முதலாமவரைச் சேர்த்துக்கொண்டோம்.

நான்கு மாதம் கழித்து அவருடைய அம்மா தைப்பிங்கிலிருந்து பஸ் ஏறி, சாம்பார் வாளியும் முறுக்கு டப்பாவுமாக வந்து இறங்கினார். வருவதற்கு முன் சொல்லவில்லை என்று வாசலிலேயே மகன் சத்தம் போட்டார். அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தார். சமையலறையில் என்னிடம் மெதுவாக, "ஐயா, ஒங்க வீட்டுல கரண்டு பில்லு ஏன் இவ்வளவு வருது? மாசம் மாசம் இவன் பங்கே எரநூறுங்கறான்" என்று கேட்டார். எங்கள் வீட்டு மொத்தப் பில்லே 160 வெள்ளியைத் தாண்டியதில்லை. ஆளுக்கு 40. நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

இனி ராமாயணத்துக்கு வருவோம். யுத்த காண்டத்தில், பொதுவாகக் கிடைக்கும் பதிப்புகளில் 16, 17, 18-ஆம் சர்க்கங்கள். அக்கா சொன்ன அதே விதியை அங்கே சுக்ரீவன் சொல்கிறான்.

சீதையைத் திருப்பி அனுப்பிவிடு என்று விபீஷணன் ராவணனிடம் பலமுறை சொல்லிப் பார்க்கிறான். ராவணன் சபையிலேயே அவனைக் கேவலமாகப் பேசிவிடுகிறான். விபீஷணன் நான்கு துணைவர்களோடு கடலைத் தாண்டி வந்து, வானர சேனைக்கு மேலே ஆகாயத்தில் நிற்கிறான். நான் யார் என்று அவனே சொல்ல வேண்டிய நேரம். ராமனுக்கு அவனை முன்பின் தெரியாது. எங்கள் மாமாக் கடை போலத்தான், முதல் சந்திப்பு.

அவன் என்ன சொல்கிறான் என்று வரிசையாகப் பாருங்கள். ராவணன் என்று ஓர் அரக்கர் அரசன், நடத்தை கெட்டவன். அவன் தம்பி நான், பெயர் விபீஷணன். ஜடாயுவைக் கொன்று சீதையைத் தூக்கி வந்தவன் அவன். சீதையை ராமனிடம் திருப்பிக் கொடு என்று காரணங்களோடு மறுபடி மறுபடி சொன்னேன். சாகப் போகிறவன் மருந்தை ஏற்காதது போல அவன் ஏற்கவில்லை. என்னைக் கடுமையாகப் பேசி, ஓர் அடிமையைப் போல அவமதித்தான். பிள்ளைகளையும் மனைவியையும் விட்டுவிட்டு ராமனிடம் அடைக்கலம் என்று வந்திருக்கிறேன். இவ்வளவுதான் அவன் பேச்சு.

கீழே பெரிய விவாதம் நடக்கிறது. அங்கதன் சோதித்துப் பார்க்கலாம் என்கிறான். சரபன் ஒற்றனை அனுப்பலாம் என்கிறான். ஜாம்பவான், இவன் வந்த இடமும் நேரமும் சரியில்லை என்கிறார். மைந்தன், இனிமையாகப் பேசி மெதுவாக விசாரிக்கலாம் என்கிறான். சுக்ரீவன்தான் ரொம்ப உறுதியாக நிற்கிறான். இப்படி ஒரு ஆபத்து நேரத்தில் சொந்த அண்ணனையே விட்டு வருகிறவன், வேறு யாரைத்தான் விடமாட்டான்? என் நோட்டில் இருந்தது இதே வாதம்.

ராமனின் பதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அவர் சுக்ரீவனை மறுத்துப் பேசுவதில்லை. சாஸ்திரம் படிக்காமல், பெரியவர்களிடம் பழகாமல் ஒருவரால் இப்படிப் பேச முடியாது என்று முதலில் பாராட்டுகிறார். பிறகுதான், இதில் இன்னும் நுணுக்கமான ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது என்கிறார். எல்லாத் தம்பிகளும் பரதனைப் போல இருப்பதில்லை, எல்லா மகன்களும் என்னைப் போல இருப்பதில்லை, எல்லா நண்பர்களும் உன்னைப் போல இருப்பதில்லை என்று சொல்கிறார். இதைக் கேட்கிற சுக்ரீவன் யார்? அவனே அண்ணன் வாலியைப் பற்றி ராமனிடம் புகார் சொல்லித்தான் நண்பனானவன். நம்முடைய கதை நமக்கு மறந்துபோகும், அடுத்தவர் கதையில் மட்டும் விதி ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். அந்த மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, என் அப்பாவோடு நானே மூன்று வாரமாகப் பேசாமல் இருந்தேன்.

சரி, அந்த நுணுக்கம் எங்கே இருக்கிறது? ராமன் நினைத்ததை எல்லாம் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். விபீஷணன் பேச்சையும் அந்த இரண்டாவது நண்பரின் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பேச்சில் நடந்த விஷயம் இருக்கிறதா என்று கேட்கலாம். விபீஷணன் அண்ணனை நடத்தை கெட்டவன் என்றுதான் ஆரம்பிக்கிறான். ஆனால் அந்தப் பட்டத்தோடு நிறுத்தவில்லை. அண்ணன் என்ன செய்தான், தான் என்ன சொன்னான், அதற்கு என்ன நடந்தது என்று சொல்கிறான். யார் வேண்டுமானாலும் இலங்கைக்குப் போய் அது உண்மையா என்று பார்த்துவிட்டு வரலாம். மோட்டார் கடன், ஆறு மாதம், வங்கிப் போன் என்று நண்பர் சொன்னதும் அப்படித்தான். முதலாமவர் பேச்சில் அம்மா தெய்வம், அப்பா ஹீரோ. இரண்டும் பட்டம். அந்த அம்மா என்ன வேலை செய்கிறார், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், அவருக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. புகழ்ச்சியாக இருந்ததால் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. "எங்கப்பா சரியான வேஸ்ட்" என்று ஒருவர் சொன்னால் உடனே காது நிமிர்கிறது. "எங்கப்பா தெய்வம்" என்றால் தலையாட்டிவிடுகிறோம். இரண்டிலுமே அப்பா என்ற மனிதர் இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, இப்போது நம்மிடம் சொல்வதை அந்த உறவிடமே சொல்லியிருக்கிறாரா என்பது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிதாகப் படுகிறது. 16-ஆம் சர்க்கத்தில் ராவணனும் விபீஷணனும் நேருக்கு நேர் பேசுவதைப் படியுங்கள். ராவணன் அங்கே தன் தம்பியை மட்டும் திட்டவில்லை. உறவு என்கிற கூட்டத்தையே திட்டுகிறான். சொந்தக்காரன்தான் நம் கஷ்டத்தில் சந்தோஷப்படுகிறவன், நெருப்பைவிட ஆயுதத்தைவிடப் பயப்பட வேண்டியது சொந்தக்காரனுக்குத்தான் என்று யானைகள் சொன்னதாக ஒரு கதையையும் சொல்கிறான். விபீஷணன் பதிலுக்கு என்ன சொல்கிறான்? நீ எனக்கு மூத்தவன், தகப்பனுக்குச் சமம், ஆனாலும் இந்தச் சொற்களை என்னால் தாங்க முடியாது. உன் நன்மைக்காகச் சொன்னதைப் பொறுத்துக்கொள். உன்னையும் இந்த நகரத்தையும் காப்பாற்றிக்கொள். நான் போகிறேன், நான் இல்லாமல் நீ சுகமாக இரு. இதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். கடலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னதும், இந்தப் பக்கம் அந்நியர்களிடம் சொன்னதும் ஒரே விஷயம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் இது தலைகீழாக இருந்தது. எங்களிடம் அம்மா தெய்வம். வாசலில் அம்மாவிடம் சத்தம். போனில் அம்மா அழைத்தால் திரையைக் கவிழ்த்து வைப்பார். முதல் வாரமே பார்த்தேன், ஆனால் அசைன்மென்ட் டென்ஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, சொல்பவர் தன் பங்கையும் தன் நஷ்டத்தையும் சேர்த்துச் சொல்கிறாரா என்பது. விபீஷணன் பிள்ளைகளையும் மனைவியையும் விட்டு வந்ததை மறைக்கவில்லை. "எனக்கும் ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும்" என்று நண்பர் சொன்னபோது, எங்களுக்கு அது அவருக்கு எதிரான சாட்சியாகப் பட்டது. தன்னை நல்லவனாகக் காட்ட வந்தவர் அந்த வரியை ஏன் சொல்லப் போகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சபையில் அனுமன் மட்டும் இந்த மாதிரிப் பார்க்கிறார். இவன் பேசும்போது கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை, முகம் தெளிவாக இருக்கிறது, வஞ்சகன் இப்படித் தயங்காமல் வரமாட்டான், உள்ளே இருப்பதை முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார். முகத்தை நம்பி எங்களால் வீடு எடுக்க முடியாதுதான். ஆனால் அனுமன் விதியைக் கேட்கவில்லை, ஆளைப் பார்த்தார். மேலும் அவர் ஏற்கெனவே இலங்கையில் ராவணன் சபையில் கட்டுண்டு நின்றவர். தூதனைக் கொல்லக் கூடாது என்று அன்றைக்கு அண்ணனைத் தடுத்த விபீஷணனின் குரலை நேரில் கேட்டவர்.

"அப்பாவப் பத்தி இப்ப வேணாம்" என்றதையும் நாங்கள் குறையாக எண்ணியது பெரிய தவறு. வீட்டில் அடி வாங்கி வளர்ந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், முதல் நாளில் மூன்று அந்நியர்களுக்கு முன்னால் தே தாரேக் குடித்துக்கொண்டே அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மௌனத்தை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. இதைப் படித்துவிட்டு யாரும் புது நண்பர்களை விசாரணைக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். கேள்வி கேட்டு வாங்கும் பதிலுக்கு மதிப்புக் குறைவு. சாதாரணப் பேச்சில் தானாக வருவதைக் கேட்டாலே போதும்.

ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். இப்படிக் காது கொடுத்துக் கேட்டால் நமக்குச் சொல்பவரைப் பற்றித்தான் கொஞ்சம் தெரியவரும். சொல்லப்படுகிறவரைப் பற்றி அதிகம் தெரியாது. கிஷ்கிந்தா காண்டமே அதற்குச் சாட்சி. சுக்ரீவன் தன் கதையை ஒளிக்காமல்தான் சொல்கிறான். குகை வாசலில் ஒரு வருடம் காத்திருந்தேன், ரத்தம் வந்தது, அண்ணன் செத்தான் என்று நினைத்துப் பாறையால் மூடினேன், மந்திரிகள் எனக்கு முடி சூட்டினார்கள். பிறகு வாலி செய்த கொடுமைகள். கேட்கிற யாருக்கும் வாலி ஒரு மிருகம் என்றுதான் தோன்றும். ஆனால் அம்பு பட்டுக் கிடக்கும் வாலி சுக்ரீவனைக் கூப்பிட்டு, என்மேல் குற்றம் வைக்காதே, நாம் இருவரும் அண்ணன் தம்பியாக ஒரே காலத்தில் சுகப்பட விதி இல்லாமல் போயிற்று என்கிறான். தன் பொன்மாலையைக் கழற்றிக் கொடுக்கிறான். மகன் அங்கதனை அவன் கையில் ஒப்படைக்கிறான். அப்போதுதான் சுக்ரீவனுக்கே இன்னொன்று ஞாபகம் வருகிறது. சண்டையில் தன்னை அடித்து வீழ்த்திய பிறகும், போ, இனி இப்படிச் செய்யாதே என்று சொல்லி அண்ணன் உயிரோடு விட்டிருக்கிறான். அதை அவன் ராமனிடம் முதலில் சொன்ன கதையில் சொல்லவில்லை. ஆகவே நண்பர் சொன்னதை வைத்து அவருடைய அண்ணனையும் நாம் எடைபோட்டுவிடக் கூடாது. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறவரும் அதே அண்ணன்தான். நல்லவேளை, நண்பர் அதையும் சேர்த்தே சொல்லியிருந்தார்.

அடுத்தவரைப் பற்றியே எழுதிக்கொண்டு போனால் சரியாக இருக்காது. எனக்கு ஓர் அக்கா. தாதியாக வேலை செய்கிறார். கார் லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை ஃபெயில் ஆனார். மாமாக் கடையில் சிரிக்க விஷயம் இல்லாதபோதெல்லாம் நான் அந்தக் கதையை எடுத்து விடுவேன், நடித்தும் காட்டுவேன். கொஞ்ச நாளில் என் நண்பர்கள் அவருக்கு 'லைசென்ஸ் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன ஆண்டு அவர் என்னைப் பார்க்க வந்தபோது, ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டே, "கார் நீங்களேவா ஓட்டிட்டு வந்தீங்க, அக்கா?" என்றான். அவரும் சிரித்தார். இரவு தட்டுக் கழுவும்போது மட்டும், "என்னைப் பத்தி வேற என்னல்லாம் சொல்லி வச்சிருக்க, தம்பி?" என்று கேட்டார். முதல் செமஸ்டருக்குக் கடன் பணம் வந்து சேரும் வரை அவருடைய ஓவர்டைம் சம்பளத்தில்தான் நான் கட்டணம் கட்டினேன். அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஆரண்ய காண்டத்தில், 16-ஆம் சர்க்கத்தில், பஞ்சவடியில் ஒரு பனிக்கால விடியல் வரும். கோதாவரிக்குக் குளிக்கப் போகும் வழியில் லட்சுமணன் பரதனைப் புகழ்ந்துகொண்டே வருகிறான். இந்தக் குளிரில் அவனும் தவம் இருப்பானே என்கிறான். அப்படியே பேச்சு கைகேயியிடம் போகிறது. தசரதனைக் கணவனாகவும் பரதனை மகனாகவும் பெற்ற ஒருத்தி எப்படி இவ்வளவு கொடூரமாக இருந்தாள் என்கிறான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால் அதிகம் இழந்தவர் ராமன்தான். ஆனாலும் ராமன், நம் நடு அன்னையை நீ எப்போதும் பழிக்கக் கூடாது, பரதனைப் பற்றியே பேசு என்று பேச்சைத் திருப்பிவிடுகிறார். லட்சுமணனைத் திட்டவும் இல்லை, கைகேயி செய்தது சரி என்று வாதாடவும் இல்லை. தன் வீட்டு மனிதர் தன் முன்னால் ஒரு பேச்சுப் பொருளாக ஆவதற்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. நான் என் அக்காவை மேசைக்கு நடுவில் வைத்துவிட்டு, மற்றவர்களும் கை போட விட்டேன்.

அந்த இரண்டாவது நண்பர் இப்போது என் இறுதியாண்டு புராஜெக்ட் குழுவில் இருக்கிறார். சோல்டரிங் செய்துகொண்டே ஒருநாள் இந்த வீட்டுக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நான் அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன்னு நெனச்சேன்" என்றார். அண்ணன் மோட்டார் கடனில் பாதியைக் கட்டத் தொடங்கிவிட்டாராம்.

அடுத்த வகுப்புக்கு அயோத்தியா காண்டத்தில் பரதன் பரத்வாஜர் ஆசிரமத்துக்குப் போகும் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள். முனிவர் மூன்று தாய்மார்களையும் தனித்தனியாக அறிமுகப்படுத்தச் சொல்கிறார். கோசலையையும் சுமித்திரையையும் பரதன் அன்போடு காட்டுகிறான். கைகேயி முறை வரும்போது, பெற்ற தாயையே ஒரு முனிவர் முன்னால் மிகக் கடுமையான சொற்களால் சொல்லிவிடுகிறான். பரத்வாஜர், அவள்மேல் குற்றம் காணாதே என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராமனே உதாரணம் காட்டும் தம்பி இவன். பரதன் அதற்கு முன்பு கைகேயியிடம் நேரில் என்ன பேசினான் என்ற பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். என் நோட்டில் எழுதியிருந்த விதிப்படி பரதனை நாங்கள் வீட்டில் சேர்த்திருப்போமா, உங்களுடைய பதில் என்ன என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடமும் இதே கேள்வியைக் கேட்கப் போகிறேன்.